எலும்பின் நிழல்: 9ஆம் வகுப்பு அறிவியல் மன்ற உரை

(மேசையில் ஒரு டார்ச், கல்யாணப் பத்திரிகை உறை, எவர்சில்வர் தட்டு, பழைய எக்ஸ்ரே படங்கள் மூன்று. சுவரோர ஜன்னல் தவிர மற்றவை மூடியிருக்க வேண்டும்.)

எல்லோருக்கும் வணக்கம். அரசு மருத்துவமனையில் பதினெட்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். இங்கே வந்து பேச உங்கள் டீச்சர் நவம்பர் 8ஆம் தேதியைக் கொடுத்தபோது எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். முதலில் இதைப் பாருங்கள்.

(உறையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கவும்.)

உள்ளே என்ன இருக்கிறது? சாவி! உறையை நான் பிரிக்கவே இல்லை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வெளிச்சம் காகிதத்தைத் தாண்டி வந்துவிட்டது, சாவியைத் தாண்ட முடியவில்லை. தாண்ட முடியாத இடத்தில் நிழல் விழுந்தது. எக்ஸ்ரே படமும் இதேதான். அது போட்டோ இல்லை. போட்டோவில் நம் மேல் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் பதிவாகிறது. எக்ஸ்ரேயில் நம்மைத் தாண்டிப் போன கதிர் பதிவாகிறது.

அப்படியானால் டார்ச்சைக் கையில் வைத்து அடித்தால் எலும்பு தெரிய வேண்டுமே? கரண்ட் போன ராத்திரியில் எல்லோரும் செய்து பார்த்திருப்பீர்கள். (செய்து காட்டவும்.) விரல் சிவப்பாக ஒளிர்கிறது, எலும்பைக் காணோம். வெளிச்சம் சதைக்குள் போகத்தான் செய்கிறது, ஆனால் நேராகப் போகவில்லை. பால் டம்ளரில் டார்ச் அடித்தால் பால் முழுக்க வெள்ளையாக ஒளிரும் பாருங்கள், அதுபோல எல்லாப் பக்கமும் சிதறிவிடுகிறது. சிதறிய வெளிச்சத்தில் தெளிவான நிழல் விழாது. சதையை நேர்கோட்டில் தாண்டிப் போகிற ஒரு கதிர் நமக்குத் தேவை.

அந்தக் கதிர் கிடைத்த நாள் 1895 நவம்பர் 8. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் என்ற ஊரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் என்ற இயற்பியல் பேராசிரியர், காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சி ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தார், அறையும் இருட்டு. ஆனாலும் சற்றுத் தள்ளியிருந்த ஒரு திரை ஒளிர்ந்தது. பேரியம் சேர்ந்த ஒரு வேதிப்பொருள் பூசிய திரை அது. அட்டையைத் தாண்டி ஏதோ ஒன்று வருகிறது! பிறகு நடுவில் கையை நீட்டிப் பார்த்தார். திரையில் கையின் நிழல் மங்கலாகவும், அதற்குள் எலும்புகளின் நிழல் அழுத்தமாகவும் விழுந்தன. என்ன கதிர் என்று தெரியாததால், கணக்கில் தெரியாததை எக்ஸ் என்று வைத்துக்கொள்வோமே, அதே மாதிரி எக்ஸ் கதிர் என்று பெயர் வைத்தார். அந்த டிசம்பர் 22ஆம் தேதி தன் மனைவி அன்னா பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். எலும்போடு மோதிரமும் பதிந்தது. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். காப்புரிமை எதுவும் வாங்காமல் உலகத்துக்கே விட்டுவிட்டார். இன்று எந்த ஊர் மருத்துவமனையிலும் உடைந்த கையோடு போய் நிற்க முடிகிறதென்றால், அதில் அந்த மனிதரின் பெருந்தன்மைக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இன்றைக்கு எங்கள் தொழிலின் நாளைக் கொண்டாடுகிறோம்.

சரி, இந்தக் கதிரை எப்படி உண்டாக்குகிறோம்? எங்கள் இயந்திரத்திலும் ஒரு வெற்றிடக் குழாய் உண்டு. ஒரு முனையில் சூடான டங்ஸ்டன் இழை எலக்ட்ரான்களை வெளியே தள்ளும். உங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கை எக்ஸ்ரேக்கு நாங்கள் கொடுப்பது சுமார் 50,000 வோல்ட். அந்த வேகத்தில் எலக்ட்ரான்கள் எதிர்முனையில் இருக்கும் டங்ஸ்டன் மேல் மோதி நிற்கும்போது எக்ஸ் கதிர் பிறக்கிறது. ஆனால் ஆற்றலில் நூற்றுக்கு 99 பங்கு வெறும் சூடாகப் போய்விடும், ஒரு பங்குதான் கதிர். அதனால்தான் 3,400 டிகிரி செல்சியஸ் வரை உருகாத டங்ஸ்டன் வேண்டியிருக்கிறது.

இப்போது முக்கியமான கேள்வி. சதை வழிவிடுகிறது, எலும்பு ஏன் மறிக்கிறது? ‘எலும்பு கெட்டி’ என்பீர்கள். அது பாதி பதில். உங்கள் தனிம அட்டவணையைப் பாருங்கள். சதையில் பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன். ஆக்சிஜனின் அணு எண் 8. எலும்பில் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்திருக்கின்றன. கால்சியத்தின் எண் 20. அணு கதிரை விழுங்கும் திறன், எடைக்கு எடை பார்த்தால், ஏறக்குறைய அணு எண்ணின் மும்மடியாகக் கூடும். போட்டுப் பாருங்கள்: 8 × 8 × 8 = 512, 20 × 20 × 20 = 8,000. பதினைந்து மடங்குக்கு மேல்! நீங்கள் பாலிலும் கேழ்வரகிலும் சாப்பிடும் அதே கால்சியம்தான் படத்தில் எலும்பாகத் தெரிகிறது. தங்கத்தின் எண் 79, ஈயத்தின் எண் 82. மோதிரத்தைக் கழற்றச் சொல்வதும், ஈய உடை போடுவதும் ஏன் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

நிழல் என்றால் கறுப்பாகத்தானே இருக்கும், எலும்பு ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று முன்வரிசைத் தம்பி ஒருவர் முணுமுணுப்பது கேட்டது. நல்ல கேள்வி. யாராவது வாட்ச் கட்டியிருக்கிறீர்களா? கழற்றுங்கள். வெயில் பட்ட இடம் கறுத்திருக்கிறது, வார் மறைத்த இடம் வெளுத்திருக்கிறது. ஃபிலிமும் உங்கள் தோல் மாதிரிதான். கதிர் பட்ட இடம் கறுக்கும், எலும்பு மறைத்த இடம் வெளுத்தே இருக்கும். எலும்பு உடைந்து விலகியிருந்தால் அந்த இடுக்கு வழியாகக் கதிர் கூடுதலாகப் போகும். வெள்ளை எலும்பில் கறுப்புக் கோடு விழும். இப்போது ஃபிலிமுக்குப் பதில் பெரும்பாலும் டிஜிட்டல் தகடுதான், ஆனாலும் கறுப்பு வெள்ளையை அப்படியே வைத்திருக்கிறோம்.

நிழலுக்கு ஒரு குறை உண்டு. (தட்டை டார்ச் முன் பிடிக்கவும்.) சுவரில் வட்டம். இப்படித் திருப்பினால்? வெறும் கோடு. ஒரே தட்டு, இரண்டு நிழல். கொய்யா மரத்திலிருந்து விழுந்த ஒரு பையனை அவன் அம்மா தூக்கிக்கொண்டு வந்தார். முன்கையை நேராக எடுத்த படத்தில் எலும்பு ஒழுங்காகத்தான் இருந்தது. பக்கவாட்டில் எடுத்தேன். எலும்பு வளைந்து, ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். ‘இன்னொரு தடவை கையைத் திருப்பு கண்ணா’ என்று நாங்கள் கேட்பது அதற்காகத்தான். வலிக்கும், தெரியும். ஆனாலும் கேட்போம்.

இன்னொன்று. தகட்டை ஒட்டிக் கையை வைக்கச் சொல்வோம். (சுவருக்கு அருகே கையை வைத்து, பிறகு டார்ச் பக்கமாக நகர்த்தவும்.) சுவரோடு ஒட்டினால் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கிறது, விலகினால் பெரிதாகி மங்குகிறது. அசைந்தாலும் மங்கும். அதனால்தான் ‘ஆடாமல் இரு’ என்கிறோம்.

பயப்பட வேண்டுமா? கதிர் உடம்பில் தங்காது. டார்ச்சை அணைத்ததும் அறையில் வெளிச்சம் தங்குவதில்லை அல்லவா, அதுபோல. ஒரு மார்பு எக்ஸ்ரேயில் கிடைக்கும் அளவு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சுமார் பத்து நாளில் நமக்கு இயல்பாகவே கிடைக்கும் அளவுதான். ஆனால் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி இந்தக் கதிரில் திரும்பத் திரும்பக் கையைக் காட்டி வேலை செய்து, புற்றுநோய் வந்து 1904இல் இறந்துபோனார். படம் எடுக்கும்போது நான் தடுப்புக்குப் பின்னால் போவது உங்களைத் தனியே விட்டுவிட அல்ல. உங்களுக்கு ஒரு படம், எனக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ படம்.

இப்போது ஐந்து ஐந்து பேராக ஜன்னல் பக்கம் வாருங்கள். படத்தை ஓரத்தில் பிடியுங்கள், நடுவில் கைரேகை விழுந்துவிடும். முதல் படம் ஏழு வயதுப் பாப்பாவின் மணிக்கட்டு. எலும்பின் நுனிக்கருகே கறுப்பாக ஓர் இடைவெளி இருக்கிறதா? உடைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது குருத்தெலும்பு, இன்னும் கால்சியம் படியாத இடம். பாப்பா உயரமாவது அந்த இடத்தில்தான். அடுத்த படம் பெரியவர் ஒருவருடையது. அதில் அந்த இடைவெளி எங்கே போனது என்று தேடிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லுங்கள்.