18-ஆ 20-ஆ

குவைத்ல ஒரு ஆளு எந்தச் சட்டத்துக்குள்ள வர்றான்னு தெரியணும்னா அவன் என்ன வேலை பாக்குறான்னு யாரும் கேக்க மாட்டாங்க, இகாமாங்குற தங்குற அனுமதில 18ன்னு இருக்கா 20ன்னு இருக்கான்னுதான் பாப்பாங்க. 18ன்னா கம்பெனி ஆளு, 2010ல வந்த 6ஆம் நம்பர் தொழிலாளர் சட்டம். 20ன்னா வீட்டு வேலை ஆளு, அவனுக்கு 2015ல வந்த 68ஆம் நம்பர் சட்டம். முருகேசன் மூணு வருசமா மங்காஃப்ல ஒரு பக்காலாங்குற மளிகைக் கடைல ஷட்டர் தூக்குனவன், அரிசி மூட்டை எறக்குனவன், ராத்திரி கல்லா கணக்கு பாத்தவன், ஆனா அவன் இகாமால இருந்தது 20, ஹவுஸ் டிரைவர்.

நான் பர்வானியால டைப்பிங் சென்டர்ல வேலை பாக்குறேன், ஊரு பேராவூரணி. அவன் அறந்தாங்கி பக்கம். ஒரு நாள் மதியம் கையில ஒரு பிளாஸ்டிக் கவரோட வந்து நின்னான், "அண்ணே சம்பளம் நாலு மாசமா வரல, கேட்டா நாளைக்கு நாளைக்குங்குறாங்க, போன வாரம் கொஞ்சம் சத்தமா கேட்டுட்டேன், இப்ப ரூமை விட்டும் எறக்கி விட்டுட்டாங்க" அப்டின்னான். கவர்ல ரெண்டு பேப்பர். ஒண்ணு ஊர்ல ஏஜென்ட் கையெழுத்து வாங்குனது, இங்கிலீஷ்ல, கடை சேல்ஸ்மேன், மாசம் 130 தினார், எட்டு மணி நேரம், அதுக்கு மேல ஓவர்டைம்னு இருக்கு. இன்னொண்ணு இங்க எறங்குன அப்புறம் போட்டது, அரபில, டிரைவர், 100 தினார்.

"இதுல எது செல்லும்ணே?"

எனக்கு வயித்தக் கலக்குச்சு, ஏன்னா பதில் தெரியும். வேலை நடந்தது குவைத்ல, அதனால குவைத் சட்டம்தான், பேப்பர்ல சண்டைன்னு வந்தா இங்க அரபில இருக்குறதத்தான் பாப்பாங்க. ஊர் பேப்பர் இங்க யாருக்கும் ஒரு பொருட்டே இல்ல. இத அவன்கிட்ட சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அப்ப மாசம் முப்பது தினார் கணக்குல மூணு வருசத்துக்கு ஆயிரத்து எண்பது தினார் போச்சாண்ணே" அப்டின்னான். கல்லா பாத்தவன்ல, மனக்கணக்கு.

சிஸ்டத்துல அவன் சிவில் ஐடியப் போட்டுப் பாத்தப்பதான் பெரிய இடி. கஃபீல், அதான் விசா போட்ட ஸ்பான்சர், இவன் மேல அப்ஸ்காண்டிங் குடுத்து வச்சிருக்காரு, ஓடிப் போயிட்டான்னு. தேதியப் பாத்தா அவன ரூம்லேர்ந்து எறக்குறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. அதாவது இவன் அங்க கடைல நின்னு பில் போட்டுட்டு இருக்கையிலயே இவன் ஓடிப் போயிட்டதா எழுதிக் குடுத்தாச்சு. ரோட்ல செக்கிங்ல மாட்டுனா நேரா உள்ள, அப்புறம் டிபோர்ட், சம்பளம் கிம்பளம்னு பேச்சே கிடையாது. அன்னைக்கு ராத்திரி என் ரூம்லயே படுக்க வச்சேன், மறுநாள் காலைல எம்பசிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

லேபர் விங்ல ஒரு ஆபீசர், நடுத்தர வயசு, முழுசாக் கேட்டாரு, அவசரப்படுத்தல. முருகேசன் எல்லாத்தையும் கொட்டிட்டு "சார் நீங்க கவர்மெண்ட், நீங்க கோர்ட்ல சொல்லி வாங்கிக் குடுங்க" அப்டின்னான். அவர் பேனாவ வச்சுட்டு மெதுவாச் சொன்னாரு.

"தம்பி, நான் கோர்ட்ல உனக்காக வாதாட முடியாது, இந்த நாட்டு அதிகாரிக்கு உத்தரவும் போட முடியாது. 1963 வியன்னா ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, நாங்க இந்த உதவி வேலை பாக்குறதே அதுப்படிதான். எங்க ஆளப் பாத்துக்கிட்டு உதவி பண்ற உரிமைய அது எங்களுக்குக் குடுக்குது, அதே ஒப்பந்தம்தான் இந்த நாட்டுச் சட்டத்த மதிக்கணும், உள் விவகாரத்துல தலையிடக் கூடாதுன்னும் சொல்லுது. ஸ்பான்சர்கிட்ட பேசலாம், லெட்டர் எழுதலாம், வக்கீல் லிஸ்ட் தரலாம், தங்க இடம் இல்லன்னா இடம் பாக்கலாம், பாஸ்போர்ட் கிடைக்கலன்னா எமர்ஜென்சி சர்டிபிகேட் போடலாம், டிக்கெட்டுக்கு வழியே இல்லன்னா நலநிதி இருக்கு. தீர்ப்பு மட்டும் எங்க கையில இல்ல."

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டுல நம்பர் எழுதிக் குடுத்தாரு. "போலீஸ் பிடிச்சா பயந்துகிட்டு எதுலயும் கையெழுத்து போடாத. இந்தியன் எம்பசிக்குச் சொல்லுங்கன்னு கேளு. அது உன் உரிமை, அந்த ஒப்பந்தத்துல 36வது பிரிவு. நீ கேட்டாதான் அவங்க எங்களுக்குச் சொல்லணும், அதனால வாயத் தொறந்து கேளு."

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல. முருகேசன் கடைல வேலை பாத்தத நிரூபிச்சா 6ஆம் நம்பர் சட்டத்துல கேக்கலாமே, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான், மேல பாத்ததுக்கு ஒன்னேகால் பங்கு சம்பளம், இவன் காலைல அஞ்சு மணிக்குத் தொறந்து ராத்திரி பதினோரு மணிக்குப் பூட்டுனவன், அந்த ஓவர்டைம் மட்டுமே எவ்வளவு வரும்னு நான் கேட்டேன். ஆபீசர் தலைய ஆட்டுனாரு. "வரும். ஆனா அதச் சொல்றதுக்கு முன்னாடி அவர் ஒண்ண ஒத்துக்கணும், 20 விசால இருந்துகிட்டு கடைல வேலை பாத்தேன்னு. அது ரெசிடென்சி சட்டப்படி குத்தம். ஸ்பான்சருக்கும் குத்தம்தான், ஆனா ஸ்பான்சர டிபோர்ட் பண்ண முடியாதுல்ல. 2024 ஜூலைலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் 20லேர்ந்து 18க்கு மாத்திக்க ஒரு வாய்ப்பு குடுத்தாங்க, மாத்தி விட்டாரா உங்க கஃபீல்?"

முருகேசன் "நான் கேட்டேன் சார், காசு செலவாகும்னு விட்டுட்டாரு" அப்டின்னான்.

"அப்ப ரெண்டு வழி. வீட்டு வேலை ஆளாவே நின்னா நாலு மாசச் சம்பளம், வருசத்துக்கு ஒரு மாசச் சம்பளம் சர்வீஸ் பணம், பாஸ்போர்ட், டிக்கெட், இதெல்லாம் கேக்கலாம், சொல்லப்போனா சர்வீஸ் பணம் 68லதான் ஜாஸ்தி, 6ல மொத அஞ்சு வருசத்துக்கு வருசத்துக்குப் பதினஞ்சு நாள்தான். கடை ஆளுன்னு நின்னா ஓவர்டைம் கேக்கலாம், ஆனா ஆபத்து. எதுன்னு நான் சொல்லக் கூடாது, நீதான் முடிவு பண்ணணும். வக்கீலக் கேட்டுக்கோ."

வெளிய வந்து சுவரோரம் நிழல்ல நின்னோம். செஞ்ச வேலைக்குக் கூலி கேக்கணும்னா செஞ்சதே குத்தம்னு ஒத்துக்கணுமாம், அதுவும் செய்யச் சொன்னவனே விசா போட்டவன். ஒரு மனுசன் எந்தச் சட்டத்துக்குள்ள வர்றான்ங்குறத அவன் கை என்ன பண்ணுச்சுங்குறத வச்சுத்தான் சொல்லணும், முதலாளி அப்ளிகேசன்ல எந்தக் கட்டத்துல டிக் பண்ணாருங்குறத வச்சு இல்ல. இத எந்த ஆபீஸ்ல வேணா நின்னு சொல்லுவேன். முருகேசன் அதெல்லாம் கேக்குற நிலைமைல இல்ல, "அக்கா பொண்ணு கல்யாணம் தை மாசம்ணே, நான் உள்ள போயிட்டா அந்தப் பணம் யாரு குடுப்பா, வீட்டு ஆளாவே நிக்குறேன்" அப்டின்னான்.

ருமைதியால வீட்டு வேலை ஆட்களுக்கான ஆபீஸ்ல புகார் குடுத்தோம், எம்பசி லெட்டரும் வச்சோம். எம்பசிலேர்ந்து கஃபீலுக்குப் போனும் போச்சு. அவர் மொத தடவை கூப்பிட்டப்ப வரல. ரெண்டாவது தடவை மந்தூபோட, அதான் அவரோட ஆபீஸ் பேப்பர் வேலையெல்லாம் பாக்குற ஆளோட, வந்தாரு, ரொம்ப மரியாதையாத்தான் பேசுனாரு, அதான் கஷ்டம். "இவன் என் பிள்ளை மாதிரி, திடீர்னு காணாமப் போயிட்டான், நான் என்ன பண்ணுவேன்" அப்டின்னாரு. நான் அரபிலேர்ந்து தமிழ்ல சொல்லச் சொல்ல முருகேசன் முகம் சுண்டிப் போச்சு.

ஆபீசர் பொம்பளை, குவைத்தி, கண்ணாடி போட்டிருந்தாங்க. "ஓடிப் போகலன்னு எப்படிச் சொல்ற?" அப்டின்னு கேட்டாங்க.

முருகேசன் போன எடுத்து நீட்டுனான். கஃபீல் அனுப்புன வாய்ஸ் மெசேஜ். தேதி பாத்தா ஓடிப் போயிட்டான்னு எழுதிக் குடுத்ததுக்கு அஞ்சு நாள் கழிச்சு. அந்த அம்மா ப்ளே பண்ணாங்க. கஃபீல் குரல் ரூம் பூரா கேட்டுச்சு: "நாளைக்குக் காலைல சீக்கிரம் தொற, தண்ணி வண்டி வரும்."

"எதத் தொறக்கச் சொன்னீங்க?" அந்த அம்மா கஃபீலப் பாத்துக் கேட்டாங்க. அவர் மந்தூபப் பாத்தாரு. அப்புறம் அந்த அம்மா முருகேசன் பக்கம் திரும்பி "நீ சொல்லு, எதத் தொறந்த?"

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், வேணும்னே கொஞ்சம் இழுத்துச் சொன்னேன். கடை ஷட்டர்னு ரெண்டு வார்த்தை, அதச் சொன்னா மூணு வருச உண்மை, அதுவே இவனுக்குக் கை விலங்கும் ஆகலாம். முருகேசன் வாயத் தொறந்தான். அதுக்குள்ள கஃபீல் எந்திரிச்சுட்டாரு, "வீட்டு கேட்தான், வேற என்ன, சரி விடுங்க, புகார வாபஸ் வாங்கிக்குறேன், அவன் சம்பளத்தக் குடுத்துடுறேன்" அப்டின்னு ஒரே மூச்சுல.

அந்த அம்மாவுக்குப் புரிஞ்சிருக்கும்னுதான் நினைக்குறேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க, அப்புறம் எழுத ஆரம்பிச்சாங்க. அப்ஸ்காண்டிங் ரத்து, நாலு மாசத்துக்கு 400, சர்வீஸ் 300, டிக்கெட், பாஸ்போர்ட் அன்னைக்கே. முருகேசன் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்டான், "இதுல கடையப் பத்தி ஒண்ணும் இல்லல்லண்ணே?" இல்லன்னேன். "ஒரு வார்த்தை கூட?" இல்லடா தம்பி. போட்டான்.

700 தினார் சின்னப் பணம் இல்ல, நான் அப்டிச் சொல்லவே மாட்டேன், பல பேரு வெறுங்கையோட போனதப் பாத்திருக்கேன். ஆனா பதினெட்டு மணி நேரம் தொறந்து கிடந்த கடை அந்தப் பேப்பர்ல எங்கயுமே இல்ல.

ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அந்த இங்கிலீஷ் பேப்பரப் பத்தரமா வச்சுக்கச் சொன்னேன். இங்க செல்லாததுதான், ஆனா நம்மூர்ல அதுக்கு வேலை இருக்கு. ஏஜென்ட் இவன்கிட்ட வாங்குனது ஒன்னேமுக்கால் லட்சம், அரசாங்கம் வச்ச உச்சவரம்பு முப்பதாயிரமும் ஜிஎஸ்டியும்தான். கடை வேலைன்னு காட்டிட்டு வீட்டு விசால அனுப்புனது வேற. 1983 எமிக்ரேசன் சட்டம் குவைத் கஃபீலத் தொடாது, ஆனா தஞ்சாவூர்ல உக்காந்திருக்குற ஏஜென்ட்ட நல்லாவே தொடும். ரெண்டு பேரும் உக்காந்து சென்னைல இருக்குற குடிபெயர்வோர் பாதுகாவலர் ஆபீசுக்குப் புகார் டைப் பண்ணோம், ரெண்டு காண்ட்ராக்ட் காப்பியும், பணம் போட்ட பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் சேத்து. இந்திய வெளியுறவுத் துறையோட மதத் புகார் போர்ட்டல்லயும் பதிஞ்சோம். அதுல மட்டும் கடைன்னு தாராளமா எழுதுனோம், முருகேசன் பக்கத்துல நின்னு "காலைல அஞ்சு மணின்னு போடுங்கண்ணே, அஞ்சரை இல்ல" அப்டின்னு திருத்துனான்.

அவன் சென்னைல எறங்கி கொஞ்ச நாள்லயே போன் பண்ணான். ஏஜென்ட் கூப்பிட்டு அம்பதாயிரம் தர்றேன் புகார எடுத்துடுன்னு கெஞ்சுறானாம், இவன் முடியாதுன்னுட்டானாம். அது இருக்கட்டும்ணே, அதே கடைக்கு புதுக்கோட்டைப் பையன் ஒருத்தன் வந்து எறங்கிட்டான், என் நம்பர எப்படியோ வாங்கி கூப்பிட்டான், லைன்ல சேக்குறேன் இருங்கன்னு சேத்தான்.

பையன் குரல் ரொம்பச் சின்னதா இருந்துச்சு. "அண்ணே வணக்கம்ணே, இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே, சும்மா கேட்டு வச்சுக்கலாம்னு..."

முருகேசன் அவன முடிக்க விடல. "தம்பி இகாமா வந்துருச்சா? வரலையா? சரி, விசா பேப்பர எடு. எடுத்துட்டியா? அதுல 18ன்னு இருக்கா 20ன்னு இருக்கா, மொதல்ல அதப் படி."