ஊசியும் நூலும்: மீடியா கிட், கட்டண அட்டை

ஜூலை பதிப்பு. கட்டணங்கள் செப்டம்பர் 30 வரை செல்லும்.

என்ன சேனல் இது

கிழிந்ததைத் தைப்பது, அளவு மாற்றுவது, ஜிப் மாற்றுவது, காஜா எடுப்பது. பீரோவில் ஒதுக்கிப் போட்ட உடையை மறுபடி உடுத்த வைக்கும் வேலையைத் தமிழில் சொல்லித்தருகிறேன். இன்ஸ்டாகிராமில் வாரம் இரண்டு ரீல்ஸ், யூடியூபில் மாதம் இரண்டு நீள வீடியோ. ஆல்டரேஷன் வேலைதான் என் தொழில். கேமராவுக்கு முன்னால் நான் தைப்பதெல்லாம் யாரோ உடுத்தப்போகிற நிஜமான உடைகள்.

என் வீடியோக்களில் கைகள்தான் பெரும்பாலும் தெரியும். மேலிருந்து ஒரு கேமரா, ஊசிக்குப் பக்கத்தில் ஒரு கேமரா. குரல் என்னுடையது. முகம் காட்டிப் பேசும் விளம்பரம்தான் வேண்டும் என்றால் நான் உங்களுக்குச் சரியான ஆள் இல்லை. ஒரு பொருள் கையில் எப்படி வேலை செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும் என்றால், தயங்காமல் கேளுங்கள்.

எண்கள்

கீழே இருப்பவை ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கானவை. இரண்டு தளங்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளும், எந்தெந்த நாட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்ற பட்டியலும் இந்த மின்னஞ்சலோடு தனி இணைப்பாக வருகின்றன.

இன்ஸ்டாகிராமில் பின்தொடர்வோர் 8,400. ஒரு ரீல்ஸுக்கு இடைநிலைப் பார்வைகள், அதாவது எல்லா ரீல்ஸையும் பார்வை வரிசையில் அடுக்கினால் நடுவில் வரும் எண், 5,200. லைக் 240, கமென்ட் 22, சேவ் 130, ஷேர் 60. இவை நான்கையும் கூட்டிப் பார்வைகளால் வகுத்தால் 8.7 சதவீதம்.

யூடியூபில் சந்தாதாரர்கள் 2,900. நீள வீடியோ ஒன்றுக்கு முதல் 30 நாளில் இடைநிலைப் பார்வைகள் 1,700. வீடியோக்கள் சராசரியாக 9 நிமிடம் ஓடுகின்றன. ஒருவர் அதில் 4 நிமிடம் 10 விநாடி பார்க்கிறார்.

சராசரியைப் போடாமல் இடைநிலையைப் போட்டதற்குக் காரணம் உண்டு. ஜீன்ஸ் தொடைப் பக்கம் தேய்ந்து கிழிந்ததைச் சரிசெய்யும் ரீல்ஸ் ஒன்று 1,86,000 பார்வைகள் போனது. அதையும் சேர்த்துச் சராசரி போட்டால் எண் அழகாக இருக்கும். ஆனால் உங்கள் பொருளுக்கு நான் எடுக்கும் ரீல்ஸ் அத்தனை பேரிடம் போகும் என்று அது சொல்லாமல் சொல்லிவிடும். நீங்கள் திட்டமிட வேண்டியது 5,200ஐ வைத்து. அதற்கு மேல் போனால் சந்தோஷம், அதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்க மாட்டேன்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்தில் முக்கியமான எண் சேவ்தான். லைக் போடுகிறவர் பார்த்துவிட்டுப் போகிறார். சேவ் செய்கிறவர் பிறகு துணியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்ப வருகிறார். பழைய ரீல்ஸுக்குக்கூட இப்போதும் கமென்ட் வருவது இதனால்தான்.

பார்ப்பவர்களில் 71 சதவீதம் பெண்கள். 25 முதல் 44 வயதுக்குள் 64 சதவீதம். வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்களும், இப்போதுதான் ஊசி பிடிக்கிறவர்களும் கலந்திருக்கிறார்கள்.

கமென்ட்டில் என்ன நடக்கிறது

ஜீன்ஸ் ரீல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் ஒட்டுத்துணி வைத்து, மெஷினில் முன்னும் பின்னும் நெருக்கமாகத் தையல் ஓட்டுவதுதான் அதில் இருக்கிறது. கீழே வந்த கேள்விகளில் பாதி, என்ன ஊசி என்பதுதான். டெனிமுக்கு 90/14, கனமான டெனிம் என்றால் 100/16 என்று பதில் சொன்னேன். அடுத்த கேள்வி நூல்: பருத்தியா, பாலியெஸ்டரா? அதற்கடுத்து, டி-ஷர்ட் தைத்தால் தையல் விட்டுவிட்டு விழுகிறதே, ஏன்? பின்னல் துணிக்கு முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி, 75/11, மாற்றிப் பாருங்கள் என்றேன். மாற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்.

ஜிப் வீடியோவிலும் இதே கதை. பல் விலகும் ஜிப்பில் பெரும்பாலும் கெட்டுப்போவது ரன்னர்தான். முழு ஜிப்பையும் பிரிக்க வேண்டியதில்லை. ரன்னரின் பின்பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்கச் சொல்லியிருந்தேன். தங்கள் ரன்னரைப் படம் எடுத்து அனுப்பி, "இது 5 தானே?" என்று உறுதி செய்துகொண்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

வாங்கும் நேரத்தில் என்னைக் கேட்கிறார்கள் என்பதுதான் இதில் உங்களுக்கான செய்தி. ஊசி, நூல், கத்தரி, தையல் மெஷின், ஒட்டுத்துணி, அயர்ன் பாக்ஸ், துணி சோப்பு, உடை பிராண்டு என எதுவானாலும் இந்த இடத்தில் இயல்பாகப் பொருந்தும்.

இதுவரை செய்த வேலை

பணம் வாங்கிக்கொண்டு செய்த விளம்பரம் இன்னும் ஒன்றும் இல்லை. அதனால் பிராண்டு லோகோக்கள் வரிசையாக நிற்கும் பக்கத்தை இங்கே தேட வேண்டாம். அதற்குப் பதிலாக, நானே காசு கொடுத்து வாங்கிய பொருள்களை வைத்து, விளம்பரமாக எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படியே மூன்று மாதிரிகள் எடுத்து இணைத்திருக்கிறேன்.

முதலாவது, ஒரு நூல்கண்டைப் பற்றிய 35 விநாடி ரீல்ஸ். முதல் 3 விநாடியில் பிரிந்துபோன தையல், அப்புறம் அதே நூலால் தைத்து இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டுவது. இரண்டாவது, கத்தரிக்கோல் பற்றிய 6 படக் கரூசல். மூன்றாவது, என் பக்கத்தில் போடாமல் பிராண்டு தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் வகையில் எடுத்த 20 விநாடி வீடியோ. மூன்றையும் எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே தந்திருக்கிறேன். உங்களுக்குக் கிடைக்கப்போகும் தரம் இதுதான்.

கட்டண அட்டை

பிராண்டுகள் வெவ்வேறு நாடுகளில் இருப்பதால் எல்லாம் அமெரிக்க டாலரில்.

- ரீல்ஸ் 1 (60 விநாடி வரை): 120
- கரூசல் 1 (8 படம் வரை): 70
- ஸ்டோரி 3 தொடர்ச்சியாக, லிங்க்குடன்: 45
- யூடியூப் நீள வீடியோவுக்குள் 60 முதல் 90 விநாடி இடம்: 130
- உங்கள் பொருளுக்கென்றே ஒரு நீள வீடியோ: 220
- என் பக்கத்தில் போடாமல் உங்களுக்கு மட்டும் எடுத்துத் தரும் வீடியோ 1 (30 விநாடி வரை): 110

முதல் முறை சேர்ந்து வேலை செய்ய நான் பரிந்துரைப்பது ரீல்ஸ், கரூசல், ஸ்டோரி மூன்றும் சேர்ந்த தொகுப்பு. தனித்தனியாக 235 ஆகும், சேர்த்து எடுத்தால் 205. மாதம் ஒரு ரீல்ஸும் ஒரு ஸ்டோரித் தொடரும் என மூன்று மாதம் என்றால் 495க்குப் பதில் 430. தையல் பொருளை ஒரே தடவை பார்த்து யாரும் வாங்குவதில்லை. பட்ஜெட் இருந்தால் இந்த மூன்று மாதத் தொகுப்பைத்தான் எடுக்கச் சொல்வேன்.

மேலே உள்ள கட்டணத்தில் திட்டம், ஸ்கிரிப்ட், படப்பிடிப்பு, எடிட்டிங், சப்டைட்டில், ஒரு முறை திருத்தம் எல்லாம் அடக்கம். ஸ்கிரிப்ட்டை முதலில் உங்களுக்கு அனுப்புவேன். நீங்கள் சரி சொன்ன பிறகுதான் படம் எடுப்பேன். அடுத்தடுத்த திருத்தம் ஒவ்வொன்றுக்கும் 20. ஒப்புக்கொண்ட ஸ்கிரிப்ட்டையே மாற்றச் சொன்னால் அது புது வேலைக் கணக்கு.

வீடியோவைப் பயன்படுத்தும் உரிமை

பேச்சுவார்த்தை அதிகம் தடைப்படும் இடம் இதுதான் என்பதால் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். கட்டணம் கொடுத்ததும் வீடியோ உங்களுடையதாகிவிடாது. ஒப்புக்கொண்ட இடத்தில், ஒப்புக்கொண்ட காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு வரும்.

என்னை டேக் செய்து உங்கள் பக்கத்தில் 30 நாள் பகிர்ந்துகொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அதே வீடியோவைக் காசு கட்டி விளம்பரமாக ஓட்டினால், ஒவ்வொரு 30 நாளுக்கும் அந்த வேலையின் கட்டணத்தில் 30 சதவீதம். என் பெயரிலேயே பார்ட்னர்ஷிப் விளம்பரமாக ஓட்டினால் 40 சதவீதம். அதற்கான அனுமதிக் குறியீட்டை நான் தருவேன், பாஸ்வேர்டு தர மாட்டேன். எடிட் செய்யாத மூலப் பதிவுகள் வேண்டுமென்றால் 40 சதவீதம், ஒரே முறை.

போட்டி பிராண்டுக்கு வேலை செய்யக்கூடாது என்றால், ஒவ்வொரு 30 நாளுக்கும் 25 சதவீதம். எந்தப் பொருள் வகை என்பதை எழுத்தில் குறிப்பிட வேண்டும். நூல் பிராண்டு கேட்டால் நூலுக்கு மட்டும் விலகி நிற்பேன், மொத்தத் தையல் பொருள்களுக்கும் முடியாது.

கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். ஒரு நூல் பிராண்டுக்கு ஒரு ரீல்ஸ், 60 நாள் விளம்பர உரிமை, 30 நாள் போட்டித் தடை. ரீல்ஸ் 120, விளம்பர உரிமை 36 வீதம் இரண்டு முறை 72, தடைக்கு 30. ஆக மொத்தம் 222.

பட்ஜெட் குறைவு என்றால் சொல்லுங்கள். கட்டணத்தைக் குறைப்பதைவிட வேலையைக் குறைக்கத்தான் முதலில் பார்ப்பேன்: உரிமைக் காலத்தைச் சுருக்கலாம், ரீல்ஸுக்குப் பதில் கரூசல் போகலாம். பொருளை மட்டும் இலவசமாக அனுப்பினால் வாங்கிக்கொள்வேன், ஆனால் பதிவு போடுவேன் என்ற உறுதி அதில் கிடையாது. விற்பனைக் கமிஷன் வரவேற்கிறேன். அது கட்டணத்துக்கு மேல்தான், அதற்கு மாற்றாக இல்லை.

நிபந்தனைகள்

பாதிப் பணம் முன்பணம். மீதி, பதிவு போட்ட 15 நாளுக்குள். பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 12 வேலை நாளில் முதல் எடிட் தருவேன். 5 வேலை நாளுக்குள் வேண்டுமென்றால் 25 சதவீதம் கூடுதல். படம் எடுத்த பிறகு நீங்கள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது. பதிவு குறைந்தது 12 மாதம் என் பக்கத்தில் இருக்கும்.

எல்லாப் பதிவிலும் 'பெய்ட் பார்ட்னர்ஷிப்' லேபிள் இருக்கும், யூடியூபிலும் கட்டண விளம்பரம் என்ற பெட்டியை டிக் செய்வேன். இதை மறைக்கச் சொன்னால் வேலையை ஏற்க முடியாது. விளம்பரப் பதிவில் டிரெண்டிங் பாட்டும் போட முடியாது. இன்ஸ்டாகிராமில் இருக்கும் பாடல்கள் பெரும்பாலும் வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் பெறாதவை. உரிமம் உள்ள இசை அல்லது மெஷின் சத்தம், இரண்டில் ஒன்று. மெஷின் சத்தம் என் பார்வையாளர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பொருளை நான் குறைந்தது இரண்டு உடையிலாவது தைத்துப் பார்ப்பேன். சரியாக வேலை செய்யவில்லை என்றால் படப்பிடிப்புக்கு முன்பே சொல்லி, முன்பணத்தை முழுவதும் திருப்பித் தந்துவிடுவேன். குறை இருந்தும் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் வீடியோ எடுக்க மாட்டேன்.

பதிவு போட்ட 7வது நாளும் 30வது நாளும் பார்வை, சேவ், ஷேர், லிங்க் கிளிக் எண்களை ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புவேன்.

தொடங்க

இந்தக் கோப்பு வந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். என்ன பொருள், எப்போது வெளிவர வேண்டும், விளம்பரமாக ஓட்டப்போகிறீர்களா, எத்தனை நாள் என்ற நான்கு விவரம் போதும். இரண்டு வேலை நாளில் மொத்தத் தொகையும் இரண்டு வீடியோ யோசனையும் எழுதி அனுப்புகிறேன். ஆகஸ்டில் மூன்று வேலைக்கு இடம் இருக்கிறது.