பரிந்துரைக் கடிதம்: செல்வி ர. கயல்விழி, பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு

சென்னை
20 ஜனவரி 2025

பொருள்சார் வேதியியல் கோடைத் திட்டத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

கயல்விழி கடந்த ஜூலையிலிருந்து என் ஆய்வகத்தில் வேலை செய்கிறார். கோபால்ட் ஃபெரைட் (CoFe₂O₄) தூளைச் சிட்ரேட் சால்-ஜெல் முறையில் தயாரிப்பது, அதன் எக்ஸ்ஆர்டி டேட்டாவை GSAS-II மென்பொருளில் ரீட்வெல்ட் முறைப்படி பொருத்துவது, இவைதான் அவர் பணி. இரண்டாவதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் டேட்டாவில் Rwp 5 சதவீதத்துக்கும் கீழே வந்தது. பெரும்பாலான மாணவர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இவர் நிறுத்தவில்லை. தாமிரக் கதிரில் இரும்பும் கோபால்ட்டும் ஒளிர்வதால் பேக்கிரவுண்ட் உயரும், அது உயர்ந்தால் Rwp தானாகவே குறைந்து தெரியும் என்று அவரே படித்துத் தெரிந்துகொண்டு, எண்ணை விட்டுவிட்டு வித்தியாசக் கோட்டைப் பார்த்தார். 33.2 டிகிரி அருகே ஒரு சின்ன மேடு. ஸ்பைனலுக்கு அந்த இடத்தில் பீக் கிடையாது. அதைப் பேக்கிரவுண்டோடு சேர்த்து மறைப்பது எளிது, நானே கவனிக்காமல் போயிருப்பேன். அவர் ஹெமடைட்டை இரண்டாவது ஃபேஸாகச் சேர்த்துப் பொருத்தினார். எடையில் சுமார் 3 சதவீதம் வந்தது.

சரி, இரும்பு ஏன் மிஞ்சியது? அது அக்டோபர் மழைக்காலம். பாதி தீர்ந்த கோபால்ட் நைட்ரேட் பாட்டில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருந்தது. அதனால் நிறுத்த எடையில் கோபால்ட் குறைந்துபோனது. புது பாட்டிலில் செய்த மாதிரியில் அந்த பீக் இல்லை. ஒரு வளைகோட்டிலிருந்து தராசு வரைக்கும் அவர் நூல் பிடித்துப் போன விதம் எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னொன்று. நான்முகி, எண்முகி இடங்களில் கோபால்ட்டும் இரும்பும் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதையும் ரிஃபைன் செய்து பார் என்று நானே சொன்னேன். பொருத்தம் கொஞ்சம் மேம்பட்டது. ஆனால் அவர், "மேடம், ரெண்டுக்கும் ஒரு எலக்ட்ரான்தான் வித்தியாசம். நம்ம டேட்டாவை வைத்து இதை நம்ப முடியாது" என்று அந்த முடிவை அறிக்கையில் சேர்க்க மறுத்துவிட்டார். அவர் சொன்னதே சரி.

கூட்டத்தில் பேசும்போது குரல் தணிந்துவிடும். தனியாகக் கேட்டால் தெளிவாக விளக்குவார். ஆய்வகக் குறிப்பேட்டை அன்றன்றைக்கு எழுதிவிடுவார். எந்த அளவுருவை எப்போது விடுவித்தார், ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் பதில் இருக்கும்.

எங்களிடம் டிஃப்ராக்டோமீட்டர் இல்லை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் கிண்டிக்குப் போய்த்தான் அவர் அளந்து வருகிறார். உங்கள் திட்டத்தில் கருவியைத் தானே இயக்கி, ஸ்லிட்டையும் ஸ்கேன் நேரத்தையும் தானே முடிவுசெய்யும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கும். இந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்படுவது அதுதான். எந்தத் தயக்கமும் இல்லாமல் அவரைப் பரிந்துரைக்கிறேன்.

இப்படிக்கு,
சு. மீனாட்சி
இணைப் பேராசிரியர், வேதியியல் துறை