பொருள்: தொலைந்த பெட்டிக்கு இழப்பீடு கோருதல்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு,

வணக்கம். 2025 மார்ச் 4 அன்று உங்கள் விமானத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்தேன். நான் செக்-இன் செய்த பெட்டி வரவில்லை. டேக் எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் 418263. விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே உங்கள் கவுண்டரில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தேன். அதன் நகலை இணைத்துள்ளேன்.

அது கருநீல நிறக் கெட்டிப் பெட்டி, 22 கிலோ. ஒரு சக்கரம் உடைந்திருக்கும், கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய இரண்டு பட்டுப்புடவைகளும் அதற்குள்தான் இருந்தன. கல்யாணமே முடிந்துவிட்டது. உங்கள் உதவி எண்ணில் பேசும்போதெல்லாம் "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற பதில்தான் வருகிறது. எங்கே தேடுகிறீர்கள், பெட்டி கடைசியாக எந்த நிலையத்தில் ஸ்கேன் ஆனது என்று யாரும் சொல்லவில்லை.

வந்து சேர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் பெட்டி வராவிட்டால், 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையின் 17ஆம் பிரிவின்படி பயணி இழப்பீடு கோரலாம். அந்தக் கெடு முடிந்துவிட்டது. எனவே, பெட்டிக்கும் பொருள்களுக்கும் சேர்த்து ரூ. 68,400, அவசரத்துக்கு வாங்கிய துணிமணிக்கு ரூ. 7,250, ஆக மொத்தம் ரூ. 75,650 தர வேண்டும். ரசீதுகள், போர்டிங் பாஸ், டேக் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

பயண வவுச்சர் வேண்டாம். பணமாகவே, வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். ஏப்ரல் 15க்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் ஏர்சேவா தளத்திலும், அப்புறம் நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

இப்படிக்கு,
கவிதா
மதுரை
30.03.2025