பாமணி ஆற்றுத் தலைமதகுப் பணி: பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு

மே 25

வணக்கம். மூன்று கண் மதகில் கான்கிரீட் வேலை முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பதில் எதற்குத் தேதி கொடுக்க முடியும், எதற்கு முடியாது என்பதுதான் முக்கியம். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் சில நாளில் கல்லணை, அப்புறம் வெண்ணாறு, மூணாறு தலைப்பு வழியாக நம் வாசலுக்குத் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் கொரம்பு போயாக வேண்டும். பில் காத்திருக்கும், தண்ணீர் காத்திருக்காது.

கொரம்பை ஜூன் 7க்கு மேல் விடாதீர்கள். மண்ணை ஹிட்டாச்சி அள்ளிவிடும். சவுக்குக் கட்டைகளை உடைத்து விட்டுவிடுவார்கள், அதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அடியோடு பிடுங்கச் சொல்லுங்கள். ஒரு முளை நின்றாலும் ஆகாயத்தாமரை அதில் சிக்கிக் கண்ணை அடைத்துவிடும்.

மூன்றாம் கண் ஷட்டர் பாதி இறங்கியதும் இடப்பக்கக் காடியில் பிடிக்கிறது. காடிக்குள் சிமெண்ட் பால் உறைந்திருக்கிறது, தேய்த்து எடுத்தால் போதும் என்பது என் கணிப்பு. ஃபேப்ரிகேட்டர் ஷட்டரைக் கழற்றலாம் என்பார், சம்மதிக்காதீர்கள்.

இடக்கரை விவசாயிகள், மதகின் படி பழையதைவிட உயரம், வயலுக்குத் தண்ணீர் ஏறாது என்கிறார்கள். படி வரைபடத்தில் உள்ள மட்டத்தில்தான் இருக்கிறது. பழைய படிமட்டத்தைப் பிள்ளையார் கோயில் திண்ணையில் சிவப்புப் பெயிண்டால் குறித்திருக்கிறேன். டம்பி லெவலை வைத்து அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: மதகுக்குப் பின்னால் வாய்க்கால் சுமார் 40 மீட்டருக்குத் தூர்ந்து கிடக்கிறது. தண்ணீர் விடுமுன் தூர்வாரித் தருவதாக வாய்வார்த்தை கொடுத்திருக்கிறேன். எஸ்டிமேட்டில் இல்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். ஹிட்டாச்சி எப்படியும் அங்கேதான் நிற்கும்.

ஒப்புதல் நிலுவை:
- அடித்தளத்தில் இளகிய களிமண் வந்ததால் கூடுதலாகத் தோண்டிய அளவு, கோட்ட அலுவலகத்தில் இருக்கிறது. படங்களும் மட்டக் கணக்கும் கோப்பில் உள்ளன.
- வலக்கரை மின்கம்பம் மாற்றுவது. பணம் கட்டியாயிற்று, ஆள் வரவில்லை. கம்பி தாழ்வாக இருக்கிறது. அதுவரை அந்தப் பக்கம் ஹிட்டாச்சி கையைத் தூக்கக் கூடாது.
- ஏப்ரன் கான்கிரீட், எம்25, மே 9இல் போட்டது. 7 நாள் க்யூப் சராசரி 18.5 வந்தது. 28 நாள் சோதனை ஜூன் 6. அது வந்தால்தான் எம்.புக்கில் கையெழுத்து.

தொடர்புகள்: எண்கள் எல்லாம் சைட் போனில் பதவிப் பெயரிலேயே இருக்கின்றன. நீர்வளத் துறை உதவிப் பொறியாளரைக் காலை 9க்குள் பிடியுங்கள், அப்புறம் ஃபீல்டுக்குப் போய்விடுவார். தண்ணீர் எங்கே வருகிறது என்பதை லஸ்கரிடம் கேளுங்கள், அலுவலகத்துக்குத் தகவல் வருமுன் அவருக்குத் தெரிந்துவிடும். மின்வாரியத்துக்குப் போன் போட்டுப் பயனில்லை, மன்னார்குடிக்கு நேரில் போய்விடுங்கள். இடக்கரையில் பேசவேண்டியவர் விவசாயச் சங்கத்தின் பெரியவர். அவர் இன்னமும் நம்மைப் ‘பி.டபிள்யூ.டி. ஆள்’ என்றுதான் சொல்வார், காண்டிராக்டர் ஆள் என்று திருத்தப் போகாதீர்கள்.

ஷெட் சாவி வாட்ச்மேனிடம். ஜூன் முதல் வாரம் முழுக்க என் எண் திறந்திருக்கும்.

— திட்டப் பொறியாளர்