ஒரு சட்டையின் வழியே மையமும் விளிம்பும்: உலக ஆயத்த ஆடைச் சங்கிலி குறித்த ஓர் ஆய்வு

முதுகலைச் சமூகவியல், மூன்றாம் பருவக் கட்டுரை
தாள்: வளர்ச்சியின் சமூகவியல்

வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அக்காவின் வீட்டுக்குக் காலை ஒன்பது மணியளவில் சட்டை மூட்டை வந்து இறங்கும். நூல் பிசிறு வெட்டி, பட்டன் தளர்ந்திருந்தால் இறுக்கித் தைத்து, கழுத்துப்பட்டையில் விலை அட்டையைக் கோத்து, மாலைக்குள் எண்ணிக் கட்டி வைக்க வேண்டும். பீஸுக்கு இரண்டு ரூபாய். இக்கட்டுரைக்காக ஒரு நாள் அவருடன் அமர்ந்திருந்தபோது, அட்டையில் அச்சிட்டிருந்த 17.99 பவுண்டு என்பதைக் காட்டி, "இது நம்ம காசுல எவ்ளோப்பா வரும்?" என்று கேட்டார். ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் என்றேன். அவர் பதில் எதுவும் சொல்லாமல் அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார்.

இரண்டு ரூபாய்க்கும் இரண்டாயிரம் ரூபாய்க்கும் இடையிலான தொலைவை "இந்தியாவில் கூலி குறைவு" என்ற ஒற்றை வரியால் விளக்கிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். கூலி ஏன் குறைவாகவே நிற்கிறது, சட்டையின் மதிப்பில் பெரும்பங்கு ஏன் தைக்கும் இடத்தில் தங்குவதில்லை என்ற கேள்விகளுக்கு அந்த வரியில் விடையில்லை. உலக அமைப்புக் கோட்பாட்டின் மையம், விளிம்பு ஆகிய கருத்தாக்கங்கள் இக்கேள்விகளுக்குக் கணிசமான அளவு விடை தருகின்றன என்பதும், அவற்றை நாடுகளுக்கு ஒட்டும் முத்திரையாகக் கொள்ளாமல் உற்பத்திச் செயல்களுக்கு இடையிலான உறவாகக் கொண்டால்தான் அந்த விடை கிடைக்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கருத்தாக்கம்

இம்மானுவேல் வாலர்ஸ்டீன் 1974-இல் வெளியிட்ட 'நவீன உலக அமைப்பு' நூலின் முதல் தொகுதியில், பதினாறாம் நூற்றாண்டு முதல் உருவாகி வந்த முதலாளித்துவ உலகப் பொருளாதாரத்தை ஒரே அமைப்பாகக் கண்டு, அதனை மையம், அரை விளிம்பு, விளிம்பு என மூன்றாகப் பகுத்தார். ஒவ்வொரு நாடும் தனித்தனியே ஒரே ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறது என்ற வளர்ச்சிக் கோட்பாட்டுப் பார்வையை அவர் ஏற்கவில்லை. சிலர் மேலே இருப்பதும் பலர் கீழே இருப்பதும் ஒரே உழைப்புப் பிரிவினையின் இரு பக்கங்கள் என்பது அவருடைய நிலைப்பாடு.

இக்கோட்பாட்டைப் படிக்கும்போது நம்மில் பலரும் உலக வரைபடத்தில் வண்ணம் தீட்டிவிட்டு, அமெரிக்கா மையம், வங்கதேசம் விளிம்பு என்று எழுதி நிறுத்திவிடுகிறோம். வாலர்ஸ்டீனின் பிற்கால எழுத்துகள் இதைவிட நுட்பமானவை. மையம் என்பதும் விளிம்பு என்பதும் முதலில் உற்பத்திச் செயல்களின் தன்மைகள். வெகு சிலர் மட்டுமே செய்யக்கூடியதாக, ஏறத்தாழ ஏகபோகமாக இருக்கும் செயல் மையத்தன்மை உடையது. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதாக, உண்மையான போட்டிக்கு உட்பட்டிருக்கும் செயல் விளிம்புத்தன்மை உடையது. இவ்விரண்டும் பண்டங்களை மாற்றிக்கொள்ளும்போது போட்டியில் சிக்கியவரிடமிருந்து ஏகபோகத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் உபரி நகர்கிறது. மையச் செயல்கள் மிகுதியாகக் குவிந்திருக்கும் நாட்டைச் சுருக்கமாக மைய நாடு என்கிறோம், அவ்வளவுதான்.

ஏகபோகம் எங்கே இருக்கிறது?

பண்டச் சங்கிலி என்ற சொல்லே இக்கோட்பாட்டின் உள்ளிருந்து வந்தது. டெரன்ஸ் ஹாப்கின்ஸும் வாலர்ஸ்டீனும் 1977-இல் அதனை முன்வைத்தனர். 1994-இல் கேரி ஜெரெஃபி, உற்பத்தியாளர் இயக்கும் சங்கிலி, வாங்குவோர் இயக்கும் சங்கிலி என்று இருவகை பிரித்து, ஆடைத்தொழிலை இரண்டாவது வகைக்கு முதன்மையான எடுத்துக்காட்டாகக் காட்டினார். கார் தொழிலில் தொழிற்சாலையை வைத்திருப்பவரே சங்கிலியை ஆள்கிறார். ஆடைத்தொழிலில் சங்கிலியை ஆள்பவர் ஒரு தையல் எந்திரம்கூட வைத்திருக்கத் தேவையில்லை.

இதன் காரணத்தைத் தையல் கூடத்தில் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும். துணியை அடுக்கி வெட்டும் கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் அடிப்பவர், காலர் வைப்பவர், காஜா போடுபவர், செக்கிங் செய்பவர் எனச் சட்டை கைமாறிக்கொண்டே போகிறது. இவர்கள் ஒவ்வொருவரின் வேலையிலும் நுட்பம் உண்டு. காலரின் இரு முனைகளும் ஒரே அளவில் நிற்பதற்குக் கை பல மாதம் பழகியிருக்க வேண்டும். ஆனால் அந்த நுட்பத்தைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளக்கூடிய இளம்பெண்கள் திருப்பூரிலும் டாக்காவிலும் புனோம்பென்னிலும் இருக்கிறார்கள். எந்திரத்தின் விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. எனவே தையல் என்ற கட்டத்தில் நுழைவதற்குத் தடையில்லை. தடையில்லாத இடத்தில் போட்டி கடுமையாகிறது. போட்டி கடுமையாகும்போது விலை கீழே இழுக்கப்படுகிறது. மாறாக, நுகர்வோரின் மனத்தில் பதிந்த வணிகப் பெயர், வடிவமைப்பு, நகரின் முக்கியத் தெருக்களில் உள்ள கடைகள், எந்த வாரம் எந்த நிறம் விற்கும் என்ற தரவு ஆகியவற்றை எவரும் நினைத்தவுடன் உருவாக்கிவிட முடியாது. ஏகபோகம் அங்கேதான் இருக்கிறது.

உலகமே முடங்கிய 2020 மார்ச்சில் இந்த உறவு வெளிப்படையாகத் தெரிந்தது. துணி வாங்கி, வெட்டி, தைத்து முடித்த சரக்குகளுக்கான ஆர்டர்களைக்கூட வாங்குவோர் நிறுத்திவைத்தனர் அல்லது ரத்து செய்தனர். வங்கதேசத்தில் மட்டும் இவ்வாறு பாதிக்கப்பட்ட ஆர்டர்களின் மதிப்பு சுமார் 300 கோடி டாலர் என்று அந்நாட்டு ஏற்றுமதியாளர் சங்கம் தெரிவித்தது. சரக்கு போய்ச் சேர்ந்து பல வாரங்கள் கழித்தே பணம் வரும் முறை இத்தொழிலில் பரவலாகிவிட்டதால், நூலுக்கும் துணிக்கும் கூலிக்கும் முன்பணம் போடுபவர் விளிம்பில் இருப்பவரே. ஏழை முதலாளி பணக்கார வணிகருக்குக் கடன் கொடுத்து நடக்கும் தொழில் இது என்று சொல்வது மிகையாகாது. அந்தக் கடன் திரும்பாதபோது இழப்பு முதலில் கூலியின்மேல் விழுகிறது.

அரை விளிம்பின் வேலை

அரை விளிம்பை நடுத்தரம் என்று மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டால் அதன் பணி புலப்படாது. 1974 முதல் 1994 வரை நடப்பில் இருந்த பன்னூலிழை ஒப்பந்தத்தின்கீழ், மைய நாடுகள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வரலாம் என்று கோட்டா விதித்தன. தென்கொரியாவின் கோட்டா நிரம்பியபோது அந்நாட்டு நிறுவனங்கள் கோட்டா இல்லாத நாடுகளைத் தேடின. 1979-இல் தென்கொரியாவின் தேவூ நிறுவனம் வங்கதேசத்தின் தேஷ் கார்மெண்ட்ஸுடன் கைகோத்து, 130 பேரை வரவழைத்துப் பயிற்சி அளித்தது. அவர்களில் பலர் பின்னர் சொந்தமாகத் தொழில் தொடங்கினர். வங்கதேச ஆடைத்தொழிலின் விரைவான வளர்ச்சிக்கு இது ஒரு முக்கியத் தொடக்கம். ஒரு காலத்தில் தானே தைத்துக்கொண்டிருந்த கொரியா, தைக்கும் வேலையைக் கீழே தள்ளிவிட்டு இடையில் நின்றது. கோட்டா முறை படிப்படியாகத் தளர்ந்து 2005 ஜனவரி 1 அன்று முற்றிலும் நீங்கியபின், ஆர்டர்கள் மலிவான இடத்தை நோக்கி இன்னும் தடையின்றி நகர்ந்தன.

இந்த நகர்வின் விலையை 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவரில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்தபோது உலகம் கண்டது. முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்திருந்தும் தொழிலாளர்கள் உள்ளே அனுப்பப்பட்டனர். 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிமையாளரின் பேராசை என்று மட்டும் இதனைப் படிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. குறித்த தேதியில் சரக்கு கப்பலேறாவிட்டால் தண்டமும் அடுத்த ஆர்டரின் இழப்பும் காத்திருக்கும் ஒரு சங்கிலியில், ஒரு நாள் வேலையை நிறுத்துவது என்பது விளிம்பில் இருப்பவரின் கையிருப்புக்கு மீறிய செலவு.

திருப்பூரின் நிலை வேறு. பின்னலாடையில் நூல் முதல் பேக்கிங் வரை அனைத்துக் கட்டங்களையும் ஒரே வட்டாரத்தில் கொண்டுள்ள அந்நகரத்தை அரை விளிம்பு என்று அழைக்கலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். உற்பத்தித் திறனைப் பார்த்தால் அழைக்கலாம். விலை நிர்ணயிக்கும் ஆற்றலைப் பார்த்தால் முடியாது. சாயக்கழிவு நொய்யலில் கலந்து, சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் நிலை வந்தது. முதலாளிகள் தங்கள் செலவைப் பிறர்மீது தள்ளிவிடுவதைப் பற்றி வாலர்ஸ்டீன் விரிவாகப் பேசுகிறார். ஆற்றின் நீரும் கீழ்ப்பகுதி விவசாயியின் நிலமும் பவுண்டில் அச்சிடப்பட்ட விலையில் கணக்கிடப்படவில்லை.

வடசென்னையிலிருந்து இரண்டு திருத்தங்கள்

விளிம்பு என்பது பிறவிக்குணம் அன்று. ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் காலூன்றியதே துணிக்காகத்தான். திருவொற்றியூருக்கு அருகிலுள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் பெயரால் அமைந்த நெசவாளர் குடியிருப்பு. துணி வெளுப்பவர்களைச் சுற்றி வண்ணாரப்பேட்டை உருவானது. அன்று இங்கிருந்து போனது முடிவுற்ற, உயர்மதிப்புள்ள துணி. அதன் வரவுக்கு அஞ்சி இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் தடைச்சட்டம் இயற்றியது. இந்தியத் துணைக்கண்டம் 1750-க்குப் பின்னரே உலகப் பொருளாதாரத்தின் விளிம்பாக உள்ளிழுக்கப்பட்டது என்பது வாலர்ஸ்டீனின் கணிப்பு. எங்கள் வட்டாரத்தின் வரலாறு அதற்கு முரணாக இல்லை.

இரண்டாவது திருத்தம் தொழிலாளரைப் பற்றியது. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா, திரு.வி.க. முதலானோர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினர். ஆலையின் ஒரே வாயிலும் ஒரே சங்கும் அந்தச் சங்கத்தைச் சாத்தியமாக்கின. இன்றைய மூட்டை வேலைக்கு வாயிலும் இல்லை, சங்கும் இல்லை. அரைகுறையாக மட்டுமே கூலியைச் சார்ந்திருக்கும் குடும்பத்தை வாலர்ஸ்டீன் அரைப்பாட்டாளிக் குடும்பம் என்கிறார். கணவரின் துறைமுகக் கூலி, மாமியாரின் இட்லிக்கடை, ரேஷன் அரிசி ஆகியவை சேர்ந்து உயிர்வாழ வைப்பதால்தான் பீஸுக்கு இரண்டு ரூபாய் என்ற விலை நிலைத்திருக்க முடிகிறது. நூறு சட்டை முடித்தாலும் இருநூறு ரூபாயில் ஒருவர் பிழைக்க இயலாது. ஆகவே அந்தக் குடும்பம் முழுவதுமே ஓர் அயல்நாட்டுக் கடையின் லாபத்துக்கு மானியம் வழங்குகிறது. இந்த இடத்தில் கோட்பாடு மிகக் கூர்மையாக இருக்கிறது. ஆயினும் அந்த வேலை ஏன் பெண்ணின் மடியில் வந்து விழுகிறது என்பதை அதனால் தனித்து விளக்க முடிவதில்லை. அதற்கு உலகச் சந்தை ஒதுக்கித்தராத, வீட்டுக்குள்ளேயே முடிவாகும் ஒரு வேலைப் பங்கீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சங்கிலியின் மேல்நுனியைப் பொறுப்புக்கு உட்படுத்த முடியும் என்பதற்கு 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் சான்று. பாலியல் வன்முறைக்கு எதிராகத் தலித் பெண்கள் முன்னின்ற தொழிற்சங்கம் ஆலை நிர்வாகத்துடன் மட்டும் பேசி நிறுத்திக்கொள்ளாமல், அயல்நாட்டு வாங்குவோரையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தது. ஏகபோகம் இருக்கும் இடத்திலேயே கடமையைப் பதிப்பது என்ற அதன் தருக்கம் இக்கட்டுரையின் வாதத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் அது பெயர் குறித்த ஆலைகளுக்கும் அவற்றின் தொழிலாளர்களுக்கும் உரியது. கொருக்குப்பேட்டையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பிசிறு வெட்டுபவரின் பெயர் எந்த ஆலையின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை.