ஈட்டிய விடுப்பு கோரும் விண்ணப்பம்

நாள்: 04.05.2026
இடம்: புது தில்லி

அனுப்புநர்:
மு. சரவணன்,
தலைமைக் காவலர் 417,
'சி' கம்பெனி,
தமிழ்நாடு சிறப்புக் காவல் 8-ஆம் அணி,
புது தில்லி.

பெறுநர்:
உயர்திரு தளவாய் அவர்கள்,
தமிழ்நாடு சிறப்புக் காவல் 8-ஆம் அணி,
புது தில்லி.

வழி: கம்பெனி அதிகாரி அவர்கள், 'சி' கம்பெனி.

பொருள்: 08.06.2026 முதல் 27.06.2026 முடிய 20 நாட்கள் ஈட்டிய விடுப்பும், தலைமையிடத்தை விட்டுச் சொந்த ஊர் செல்ல அனுமதியும் கோருதல் – சார்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்கண்ட கம்பெனியில் திகார் சிறைக் காவல் பணியில் இருந்து வருகிறேன். எனது சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணம் பக்கத்தில் உள்ள கிராமம். இந்த ஆண்டுக்கான நீண்ட விடுப்பை நான் இன்னும் எடுக்கவில்லை. பொங்கலுக்குக் கைக்குழந்தை உள்ளவர்கள் ஊருக்குப் போகட்டும் என்று நானாகவே பட்டியலிலிருந்து விலகிக்கொண்டேன். அதற்குப் பதிலாக இதைக் கேட்கவில்லை ஐயா. ஜூன் மாதம் நான் வீட்டில் இருந்தே ஆக வேண்டிய நிலை வந்திருக்கிறது.

என் தந்தைக்கு வயது 66. கடந்த ஏப்ரல் 24 அன்று அவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நலமாக இருக்கிறார், நடக்கிறார். ஆனால் மூன்று மாதத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பாலும் பெங்களூரா, வரப்போரம் கொஞ்சம் செந்தூரா. குடும்பத்துக்கு என் சம்பளம் போக ஆண்டு வருமானம் அது ஒன்றுதான்.

வேறு ஆண்டுகளில் பூ எடுத்ததுமே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவோம். சென்ற ஆண்டு அப்படிப் பேசிய வியாபாரி முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டு, விலை இறங்கியதும் பாதிக் காயை மரத்திலேயே விட்டுப் போய்விட்டார். அதனால் இந்த முறை நாமே பறித்துக் கொடுத்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். அப்போது அறுவை சிகிச்சை பற்றிய பேச்சே இல்லை. இப்போது குத்தகைக்கு ஆள் பிடிக்கவும் நேரம் கடந்துவிட்டது.

பெங்களூரா எங்கள் பக்கம் ஜூன் மாதத்தில்தான் சேர்ந்தாற்போல் முற்றும். காயின் தோள் நிரம்பியதா என்று பார்த்து, தொரட்டியும் வலையும் வைத்துக் காம்போடு பறித்து, காம்பை ஒடித்ததும் பால் வடியத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். பால் தோலில் வழிந்தால் கருத்துப்போகும், மண்டியில் அந்தக் காயை ஒதுக்கிவிடுவார்கள். மாங்கூழ் ஆலைக்கு அனுப்பும் காய்க்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அங்கே வண்டி வரிசையில் நின்று, எடை மேடையில் சீட்டு வாங்கி, கழிவு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று கூடவே நின்று பார்க்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். கூலி ஆட்கள் கிடைப்பார்கள். கணக்குக்கு நிற்க ஆள் கிடையாது. என் மனைவி வீட்டையும், அப்பாவையும், இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார். இதையும் அவர் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் போகாவிட்டால் அப்பா சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார், தானே பெட்டியைத் தூக்கிவிடுவார். எனக்குள்ள பெரிய பயமும் அதுதான் ஐயா.

விடுப்பைத் தள்ளிப் போடவும் வழியில்லை. முற்றிய காய் மரத்தில் காத்திருக்காது. ஒரு காற்று மழை வந்தால் கொட்டிப்போகும்.

இதோடு என் மகள் இந்த ஆண்டு 6-ஆம் வகுப்பில் சேர்கிறாள். வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க எனது ஊதியச் சான்று தேவைப்படுகிறது. அதை அலுவலகத்திலிருந்து வழங்கவும் உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

எனது விடுப்புக் கணக்கில் 118 நாட்கள் ஈட்டிய விடுப்பு இருப்பில் உள்ளது. 07.06.2026 ஞாயிறு, 28.06.2026 ஞாயிறு ஆகிய எனது வார ஓய்வு நாட்களை விடுப்பின் முன்னும் பின்னும் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.

பயண விவரம் வருமாறு. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது என்பதால் பெங்களூரு வழியாகப் போவதே எனக்கு எளிது. 06.06.2026 சனிக்கிழமை பகல் பணி முடிந்து, அன்று இரவு புது தில்லியிலிருந்து கர்நாடகா எக்ஸ்பிரஸில் புறப்பட்டு, 08.06.2026 திங்கள் பகல் பெங்களூரு சேர்கிறேன். அங்கிருந்து ஓசூர் வழியாகப் பேருந்தில் கிருஷ்ணகிரி, அப்புறம் காவேரிப்பட்டணம்; அன்று இரவுக்குள் வீடு. திரும்பும்போது 26.06.2026 வெள்ளி காலை ஊரிலிருந்து கிளம்பி, மாலை பெங்களூருவில் அதே ரயிலைப் பிடித்து, 28.06.2026 ஞாயிறு காலை புது தில்லி வந்துவிடுவேன். 29.06.2026 திங்கள் காலை ஆஜர் அணிவகுப்பில் பணிக்கு அறிக்கை செய்வேன். இரு வழிக்கும் படுக்கை உறுதியாகியுள்ளது. விடுப்பு மறுக்கப்பட்டால் பயணச்சீட்டை ரத்து செய்துகொள்கிறேன். சீட்டு எடுத்துவிட்டதைக் காரணமாக வைத்துத் தங்களை நெருக்குவதாக எண்ண வேண்டாம்.

நான் இல்லாத நாட்களில் எனது காவல் முறையை முதல் நிலைக் காவலர் க. இளங்கோ பார்த்துக்கொள்ளச் சம்மதித்துள்ளார். அவர் விடுப்பு ஜூலையில் வருவதால் எங்கள் பிரிவில் ஆள் குறையாது. கம்பெனி அதிகாரி அவர்களிடமும் இதை நேரில் தெரிவித்துள்ளேன். எனக்கு வழங்கப்பட்ட துப்பாக்கியையும் தோட்டாக்களையும் 06.06.2026 அன்றே ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்து, பதிவேட்டில் கையொப்பமிட்டுச் செல்வேன். ஆகஸ்ட் 15 பாதுகாப்புப் பணிக்கான ஒத்திகைகள் தொடங்கும் முன்பே திரும்பிவிடுவேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

விடுப்புக் காலத்தில் நான் தங்கும் முகவரி:

மு. சரவணன்,
த/பெ முனியப்பன்,
கதவு எண் 3/114, மாரியம்மன் கோயில் தெரு,
காவேரிப்பட்டணம் அஞ்சல்,
கிருஷ்ணகிரி மாவட்டம் – 635112.

எனது அலைபேசி எண்ணும் மனைவியின் எண்ணும் கம்பெனிப் பதிவேட்டில் உள்ளவையே, மாற்றம் இல்லை. தோப்பில் இருக்கும்போது சில இடங்களில் சிக்னல் கிடைக்காது. அப்படி எடுக்கவில்லை என்றால் மனைவியின் எண்ணுக்கு அழைத்தால் போதும், உடனே எனக்குச் சொல்லி அனுப்புவார். அவசரமாகத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தால் காவேரிப்பட்டணம் காவல் நிலையம் மூலமாகவும் தகவல் தரலாம். எந்த நாளில் அழைப்பு வந்தாலும், அறுவடை எந்த நிலையில் இருந்தாலும், கிடைக்கும் முதல் வண்டியில் கிளம்பிவிடுவேன்.

ஆகவே, எனது குடும்ப நிலையைக் கருத்தில் கொண்டு மேற்கண்ட 20 நாட்கள் ஈட்டிய விடுப்பையும், 06.06.2026 இரவு முதல் 28.06.2026 வரை தலைமையிடத்தை விட்டு வெளியூர் செல்ல அனுமதியையும் வழங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பணி நெருக்கடியால் 20 நாளும் தர இயலாது என்றால், 08.06.2026 முதல் தர இயன்ற நாட்களையாவது தந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இணைப்பு: தந்தையின் மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கத்தின் நகல், இரு வழிப் பயணச்சீட்டு நகல், முதல் நிலைக் காவலர் க. இளங்கோவின் சம்மதக் கடிதம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,

மு. சரவணன்
தலைமைக் காவலர் 417